நாற்பது படங்களோடு ஒரு முகமாற்று மாடல்: மனப்பாடத்தைத் தடுக்கும் தரவுப் பெருக்கம்

முகமாற்று ஆட்டோஎன்கோடரைக் குறைந்த படங்களோடு பயிற்றுவிக்கும்போது பயிற்சி இழப்பை மட்டும் நம்பக் கூடாது. அந்த எண் சீராக இறங்கிக்கொண்டே போகும். முன்னோட்டத்தில் அந்த நபரின் சொந்தப் படங்கள் துல்லியமாக மீண்டு வரும். ஆனால் மாற்றிய முகத்தை ஓட்டிப் பார்த்தால், வாய் பாதிதான் திறக்கும். கண்கள் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கும். காட்சியில் வெளிச்சம் மாறினாலும் முகத்தில் மாறாது. மாடல் முகத்தைக் கற்றுக்கொள்ளவில்லை, படங்களை மனப்பாடம் செய்துவிட்டது என்பதற்கு இவையே அடையாளங்கள். இதைத்தான் மிகைப்பொருத்தம் என்கிறோம்.

இருக்கும் படங்களையே சிறு மாற்றங்களோடு பலவிதமாகக் காட்டும் தரவுப் பெருக்கம் இதற்கு நல்ல மருந்து. ஆனால், "சுழற்று, புரட்டு, நிறம் மாற்று" என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் பலன் கிடைக்காது. இந்த மாடலில் ஒவ்வொரு மாற்றத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது உள்ளீட்டுக்கு மட்டுமா, மாடல் வரைய வேண்டிய இலக்குப் படத்துக்கும் சேர்த்தா? பெரும்பாலான சொதப்பல்கள் இந்தக் கேள்விக்குத் தவறான விடை கொடுப்பதால் வருபவை. அதனால் இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். ஒரு குறும்படத்தில் சண்டைக் காட்சியில் நடித்த மாற்றுக் கலைஞரின் முகத்தின் மேல் நடிகரின் முகத்தைப் பொருத்த வேண்டும். நடிகரை A என்றும் மாற்றுக் கலைஞரை B என்றும் அழைப்போம். B நடித்த வீடியோவிலிருந்து 2,400 முகப்படங்கள் வெட்டி எடுக்க முடிந்தது. A விஷயத்தில் கையில் இருப்பவை 46 புகைப்படங்கள் மட்டுமே. இருவரும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தந்திருக்கிறார்கள். சம்மதம் இல்லாத ஒருவரின் முகத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சம்மதம் இருப்பதால் தொழில்நுட்ப ரீதியாகவும் ஒரு வசதி கிடைக்கிறது, அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

மனப்பாடம் எங்கே நடக்கிறது

இந்த மாடலில் என்கோடர் ஒன்று, டீகோடர்கள் இரண்டு. A, B இருவரின் படங்களும் ஒரே என்கோடர் வழியாகச் சென்று சில நூறு அல்லது ஆயிரம் எண்களாகச் சுருங்குகின்றன. அந்த எண்களிலிருந்து A-யின் முகத்தை மட்டும் வரையக் கற்பது டீகோடர் A. B-யின் முகத்தை மட்டும் வரையக் கற்பது டீகோடர் B. பயிற்சி முடிந்த பிறகு B-யின் படத்தை என்கோடருக்குக் கொடுத்து, வரும் எண்களை டீகோடர் A-க்குத் திருப்பிவிடுகிறோம். B-யின் பாவனையில் A-யின் முகம் வெளிவருகிறது.

இது வேலை செய்ய வேண்டுமானால், என்கோடர் தரும் எண்கள் "தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது" என்பதை மட்டும் சொல்ல வேண்டும். யாருடைய முகம் என்ற செய்தி டீகோடரின் எடைகளில் இருக்க வேண்டும்.

படங்கள் குறைவாக இருந்தால் இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் உடைகிறது. முதல் இடம் டீகோடர் A. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமிருந்தும் 16 படங்கள் எடுக்கிறோம் என்றால், 10,000 சுற்றுகளில் A பக்கம் 1,60,000 முறை படம் எடுக்கப்படும். பயிற்சிக்கு 35 படங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4,570 முறை கண்ணில் படும். B-யின் ஒவ்வொரு படமும் அதே காலத்தில் சுமார் 67 முறைதான் வரும். ஒரே படத்தை நாலாயிரம் முறை பார்த்த டீகோடர், "இந்த எண்கள் வந்தால் பதினேழாவது படம்" என்று சேமித்து வைத்துக்கொள்வதே அதற்கு எளிய வழி.

இரண்டாவது இடம் என்கோடர். இது பலர் கவனிக்காதது. A-யின் படங்கள் எல்லாம் மஞ்சள் விளக்கொளியிலும் B-யின் படங்கள் எல்லாம் வெயிலிலும் எடுக்கப்பட்டவை என்றால், என்கோடர் அந்த நிற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு இருவரையும் தனித்தனி மூலைகளில் அடுக்கிவிடும். பயிற்சியில் அதனால் கெடுதல் எதுவும் தெரியாது. மாற்றும் நேரத்தில்தான் B மூலையிலிருந்து வரும் எண்கள் டீகோடர் A-க்குப் போகும். அது இதுவரை பார்த்தே இராத எண்கள். அப்போது அது தனக்குப் பழக்கமான ஏதோ ஒரு படத்தை நோக்கிச் சரிந்துவிடும்.

ஆக, நாம் செய்யப்போகும் மாற்றங்கள் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றையாவது தடுக்க வேண்டும்.

முதலில் படங்களைப் பிரிப்பது

46 படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டி, கண்களும் மூக்கும் ஒரே இடத்தில் வரும்படி சீரமைத்து, 256 × 256 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள். மாடலுக்குப் போகப்போவது நடுவிலுள்ள 160 × 160 பகுதிதான். சுற்றியுள்ள இடம் இருந்தால்தான், படத்தைச் சுழற்றும்போது கறுப்பு மூலைகள் உள்ளே வராது.

அடுத்து, ஒரே நொடியில் அடுத்தடுத்து எடுத்த படங்களை நீக்குங்கள். அவை எண்ணிக்கையைக் கூட்டுகின்றனவே ஒழிய, செய்தியைக் கூட்டுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் ஆறு படங்கள் போய் 40 மிஞ்சுகின்றன. விளக்கொளியில் 17, வெளியே நிழலில் 12, ஜன்னல் அருகில் 6, மாலை வெளிச்சத்தில் 5.

இப்போது சோதனைக்கென்று சில படங்களை ஒதுக்க வேண்டும். நாற்பதிலிருந்து ஐந்தைக் குலுக்கி எடுப்பது ஏமாற்று வேலையாகிவிடும். ஒதுக்கிய படத்தின் உடன்பிறப்பு பயிற்சியில் இருக்கும், அதை மனப்பாடம் செய்த மாடல் இதையும் சரியாக வரைந்துவிடும். ஆகவே ஒரு முழு அமர்வையே ஒதுக்குங்கள். இங்கே மாலையில் எடுத்த 5 படங்களும் சோதனைக்கு. மீதி 35 பயிற்சிக்கு.

அந்த 35-ஐயும் தலைத் திருப்பத்தின்படி பிரித்துப் பாருங்கள். நேர்முகம் 26, வலப்பக்கம் திரும்பியவை 7, இடப்பக்கம் 2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் வரும் இரண்டு முடிவுகளைத் தீர்மானிக்கும்.

இரண்டுக்கும் பொதுவான மாற்றங்கள்

சுழற்சி, பெரிதாக்கல், நகர்த்தல் ஆகிய மூன்றும் உள்ளீட்டுக்கும் இலக்குக்கும் ஒரே அளவில் செய்யப்பட வேண்டும். சுழற்சி இரு பக்கமும் 10 பாகை, அளவு 5 சதவீதம், நகர்வு 5 சதவீதம் என்பவை நீண்ட காலமாகப் புழங்கிவரும் தொடக்க மதிப்புகள். முகங்கள் ஏற்கெனவே சீரமைக்கப்பட்டிருப்பதால் இதற்கு மேல் போக வேண்டியதில்லை. சீரமைப்பில் ஏற்படும் சிறு பிசகுகளை மாடல் தாங்கிக்கொள்ள இந்த அளவு போதும்.

நிறமும் வெளிச்சமும் இதே கணக்கில்தான் வர வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வழக்கமான படவகைப்பாட்டு மாடல்களில் உள்ளீட்டின் நிறத்தை எப்படி மாற்றினாலும் விடை மாறாது, நாய் நாய்தான். அதே பழக்கத்தில் இங்கேயும் உள்ளீட்டின் நிறத்தை மட்டும் மாற்றி, இலக்கை அப்படியே விட்டால் என்ன ஆகும்? இருண்ட உள்ளீட்டுக்கும் வெளிச்சமான உள்ளீட்டுக்கும் ஒரே இலக்கு. "வெளிச்சம் பொருட்டல்ல" என்று மாடல் கற்றுக்கொள்கிறது. பிறகு B நிழலுக்குள் ஓடும்போது A-யின் முகம் மட்டும் விளக்கொளியில் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டிலும் சேர்த்து மாற்றினால், உள்ளீடு இருண்டால் விடையும் இருள வேண்டும் என்ற பாடம் போய்ச் சேரும். காட்சியின் வெளிச்சத்தைப் பின்தொடரும் முகம் நமக்கு அப்படித்தான் கிடைக்கிறது.

அளவுகளுக்கு LAB நிறவெளியில் வேலை செய்வது வசதி. ஒளிர்வை 30 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். நிறத்தைக் குறிக்கும் இரண்டு அச்சுகளையும் 8 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தோல்நிறம் அதற்கு மேல் பச்சைக்கோ நீலத்துக்கோ சாய்ந்தால், எந்தக் காட்சியிலும் வராத முகங்களை வரைவதற்கு டீகோடரின் திறனைச் செலவழிக்கிறோம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். A தொகுதியின் சராசரி நிறத்தை B தொகுதியின் சராசரிக்கு நகர்த்துவது. இந்த வகை மாடலின் தொடக்ககாலக் குறிநிரலிலேயே இது ஒற்றை வரியாக இருந்தது:

```python
images_A += images_B.mean(axis=(0, 1, 2)) - images_A.mean(axis=(0, 1, 2))
```

ஒரு வரிதான் என்றாலும் மேலே சொன்ன இரண்டாவது உடைப்பை நேராகத் தாக்குவது இதுவே. சராசரி நிறத்தை வைத்து A-யையும் B-யையும் பிரித்தறிய என்கோடருக்கு இனி வழி இல்லை. குறைந்த படங்களோடு வேலை செய்யும்போது இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

புரட்டல்: லாபமும் விலையும்

இடவலமாகப் புரட்டுவதும் இரண்டுக்கும் பொதுவானதே. நம் தரவில் இடப்பக்கம் திரும்பியவை இரண்டே இரண்டு. வலப்பக்கத்து ஏழையும் புரட்டினால் அது ஒன்பதாகிறது. B இடப்பக்கம் திரும்பும் காட்சிகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆனால் எந்த முகமும் சமச்சீரானதல்ல. A-யின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தால், புரட்டிய படங்களில் அது வலது கன்னத்தில் இருக்கும். நேர்முகப் படங்களில் எது அசல், எது புரட்டியது என்று டீகோடருக்குத் தெரியாததால் இரு கன்னங்களிலும் மங்கலாக ஒரு கறை வைத்துவிடும். வகிடு, சற்றுக் கோணிய புன்னகை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். முகம் A மாதிரியும் இருக்கும், A இல்லாத மாதிரியும் இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது.

அதனால் முழுதாகப் போடுவதற்கும் முழுதாக விடுவதற்கும் நடுவே ஒரு வழியைப் பரிந்துரைக்கிறேன். பக்கவாட்டில் திரும்பிய படங்களை மட்டும் புரட்டுங்கள். நேர்முகத்தைப் புரட்ட வேண்டாம். புரட்டிய அந்தச் சில படங்களில் மச்சம் தெரிந்தால் படத்திருத்தியில் அதை அழித்துவிடலாம். ஒன்பது படங்களில் செய்யக்கூடிய வேலைதான் இது.

உள்ளீட்டுக்கு மட்டும்: நெளித்தல்

இந்த மாடலின் உயிரே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. படத்தின் மேல் 5 × 5 புள்ளிகள் கொண்ட ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு புள்ளியையும் சிறிது தற்செயலாக நகர்த்தி, அதற்கேற்பப் படத்தை நெளிக்கிறோம். நெளிந்த படம் உள்ளீடு. நெளியாத படமே இலக்கு.

இது ஏன் வேலை செய்கிறது? நெளிந்த படத்தில் மூக்கின் நீளத்தையோ தாடையின் அகலத்தையோ நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே சரியான மூக்கை டீகோடர் தன் எடைகளிலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும். என்கோடரிடம் மிஞ்சுவது நெளிவைத் தாண்டியும் தெரியும் செய்திகள்: திருப்பம், வாய்த்திறப்பு, வெளிச்சம். நாம் விரும்பிய வேலைப்பிரிவினை இப்படித்தான் உண்டாகிறது. மாற்றும் நேரத்தில் B-யின் முகம் உள்ளே வரும்போது, மாடலைப் பொறுத்தவரை அது நெளிந்துபோன A-யின் முகம். அதை நேராக்கித் தருவதாக எண்ணிக்கொண்டு A-யை வரைந்து தருகிறது. நெளித்தல் இல்லாவிட்டால் B-யின் முகம் அதற்கு முற்றிலும் அந்நியம்.

ஒரு நுணுக்கம் உண்டு. வலையைத் தற்செயலாக நகர்த்தும்போது முழு முகமும் சற்றே நகரவோ சுழலவோ செய்யலாம். அந்தப் பொதுநகர்வை இலக்கிலும் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யூகிக்கவே முடியாத ஒன்றை யூகிக்கச் சொன்ன மாதிரி ஆகி, விடை மங்கிப்போகும். கீழே உள்ள நிரலில் `estimate_transform` வரும் வரி செய்வது அதைத்தான்.

```python
import cv2
import numpy as np
from skimage.transform import estimate_transform

def warp_pair(img, scale=5.0):           # img: 256x256x3, float32
    g = np.linspace(48, 208, 5)
    mx, my = np.meshgrid(g, g)
    mx = mx + np.random.normal(0, scale, (5, 5))
    my = my + np.random.normal(0, scale, (5, 5))
    fx = cv2.resize(mx, (80, 80))[8:72, 8:72].astype("float32")
    fy = cv2.resize(my, (80, 80))[8:72, 8:72].astype("float32")
    inp = cv2.remap(img, fx, fy, cv2.INTER_LINEAR)

    d = np.linspace(0, 64, 5)
    dx, dy = np.meshgrid(d, d)
    src = np.stack([mx.ravel(), my.ravel()], axis=1)
    dst = np.stack([dx.ravel(), dy.ravel()], axis=1)
    M = estimate_transform("similarity", src, dst).params[:2]
    tgt = cv2.warpAffine(img, M, (64, 64))
    return inp, tgt
```

வலைப்புள்ளிகளுக்கு இடையே 40 பிக்சல். நகர்வின் திட்ட விலக்கம் 5 பிக்சல், அதாவது இடைவெளியில் எட்டில் ஒரு பங்கு. பெரிய மாடலுக்கு 512 அளவுப் படங்களைப் பயன்படுத்தினால் வலையின் எல்லைகளையும் இரட்டிப்பாக்கி `scale` மதிப்பை 10 ஆக்குங்கள். விகிதம் மாறக் கூடாது. எண்ணை மாற்ற மறந்து 5-லேயே விட்டால், நெளித்தல் பாதியாகிவிடும். வெளியில் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

படங்கள் குறைவு என்பதால் நெளிவைக் கூட்டலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். இந்த அளவுப் படத்தில் மெல்லிய புன்னகை என்பது உதட்டோரம் மூன்று நான்கு பிக்சல் உயர்வதுதான். 256 அளவுப் படத்தில் நெளிவையும் 10 பிக்சலுக்கு ஏற்றிவிட்டால், உயர்ந்த உதட்டோரம் புன்னகையா வலையின் நெளிவா என்று என்கோடரால் பிரிக்க முடியாது. அது சராசரியான, உணர்ச்சியற்ற வாயையே எப்போதும் தரத் தொடங்கும். விடை பார்ப்பதற்கு மிகைப்பொருத்தம் போலவே இருக்கும். ஆனால் நோய் நேர் எதிரானது. இரண்டையும் பிரித்தறியும் வழியைச் சோதனைப் பகுதியில் தருகிறேன்.

உள்ளீட்டுக்கு மட்டும் செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு: லேசான மங்கல், இரைச்சல், ஜேபெக் சுருக்கத்தின் தேய்மானம். வீடியோவிலிருந்து வரும் B-யின் படங்களில் அசைவு மங்கல் இருக்கும். A-யின் புகைப்படங்களில் இருக்காது. இதையும் என்கோடர் ஆளைப் பிரிக்கும் அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும். A-யின் உள்ளீட்டை அவ்வப்போது மங்கலாக்கினால் அந்த வழி அடைபடும். இலக்கு கூர்மையாகவே இருப்பதால் விடையும் கூர்மையாக வரும். மூன்றில் ஒரு படத்துக்கு இதைச் செய்தால் போதும்.

வரிசை இப்படி அமையும். இதில் `color_lab`, `rotate_zoom_shift`, `degrade` ஆகியவை மேலே சொன்ன மாற்றங்களுக்காக நீங்களே எழுதிக்கொள்ள வேண்டிய செயல்கூறுகள்:

```python
def make_sample(img, is_side):
    img = color_lab(img, light=0.30, ab=0.08)
    img = rotate_zoom_shift(img, deg=10, zoom=0.05, shift=0.05)
    if is_side and np.random.rand() < 0.5:
        img = cv2.flip(img, 1)
    inp, tgt = warp_pair(img)
    if np.random.rand() < 0.33:
        inp = degrade(inp)
    return inp, tgt
```

`warp_pair` வரிக்கு மேலே இருப்பவை இரண்டுக்கும் பொது. கீழே இருப்பது உள்ளீட்டுக்கு மட்டும். புதிய மாற்றம் எதையாவது சேர்க்க நினைத்தால் அந்த வரிக்கு மேலா கீழா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சராசரி நிறத்தை நகர்த்தும் வரி, உள்ளீடு, இலக்கு ஆகிய இரு தொகுதிகளுக்கும் ஒரே அளவில் பின்னர் சேர்க்கப்படும்.

பயிற்சியை நடத்துவது

வாய்ப்பிருந்தால் மாடலை எதுவும் கற்காத தற்செயலான எடைகளிலிருந்து தொடங்காதீர்கள். பலதரப்பட்ட முகங்களில் முன்பயிற்சி பெற்ற எடைகளிலிருந்து தொடங்குங்கள். 70,000 முகங்கள் கொண்ட FFHQ தொகுப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே அது அனுமதிக்கப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம். முன்பயிற்சி பெற்ற என்கோடர் திருப்பத்தையும் வெளிச்சத்தையும் ஏற்கெனவே அறிந்திருக்கும். 35 படங்களிலிருந்து அதைக் கற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படங்களை எடுக்கும்போது நேர்முகமே திரும்பத் திரும்ப வராமல் கொஞ்சம் சமப்படுத்த வேண்டும். ஆனால் 26 நேர்முகத்துக்கும் 9 பக்கவாட்டுக்கும் பாதிப் பாதி என்று கொடுத்தால், அந்த ஒன்பது படங்களும் மிக அதிகமாகச் சுழன்று முதலில் மனப்பாடமாகும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப எடை கொடுப்பது நல்ல நடுவழி: 5.1-க்கு 3, அதாவது பக்கவாட்டுப் படங்களுக்குச் சுமார் 37 சதவீதம்.

கற்றல் வேகம் 5e-5-இல் தொடங்கி, 5,000 சுற்றுக்கு ஒருமுறை மாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள். சேமித்த பழைய நிலைகளை அழிக்காதீர்கள். சிறந்த நிலை பெரும்பாலும் கடைசியில் இருப்பதில்லை.

கடைசிக் கட்டத்தில் நெளித்தலை நிறுத்திவிட்டுக் கூர்மைக்காகக் கொஞ்சம் ஓட்டுவது வழக்கம். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் அது சரி. 35 படங்களில் நெளித்தலை நிறுத்துவது மனப்பாடத்துக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். சில ஆயிரம் சுற்றுகளிலேயே வாய் உறைந்துவிடும். `scale` மதிப்பை 5-இலிருந்து 2-க்குக் குறைத்து, கற்றல் வேகத்தை 1e-5 ஆக்கி, ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே போங்கள். கூர்மை கூடுவது நின்றவுடன் நிறுத்திவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஒதுக்கி வைத்த 5 மாலைப் படங்களை நெளிக்காமல் என்கோடர், டீகோடர் A வழியாக அனுப்பி, மீண்டு வரும் படத்தின் பிழையைக் கணக்கிடுங்கள். பயிற்சிப் படங்களுக்கும் அவ்வாறே நெளிக்காமல் கணக்கிடுங்கள். முதலில் இரண்டும் சேர்ந்து இறங்கும். பிறகு ஒரு கட்டத்தில் பயிற்சிப் பிழை மட்டும் இறங்க, ஒதுக்கிய படங்களின் பிழை நின்று, மெல்ல ஏறும். அந்தத் திருப்பம் எந்தச் சுற்றில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சோதனை A-யின் படங்களை A-யாக மீட்பதை மட்டுமே அளக்கிறது. மாற்றிய முகத்துக்குச் சரியான விடை என்று ஒப்பிட எதுவும் இல்லையே? அதற்கு ஒரு மறைமுக அளவுகோல் இருக்கிறது: வாய்த்திறப்பு.

68 முகப்புள்ளிகளைக் கண்டறியும் கருவி எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். சுழியத்திலிருந்து எண்ணினால் 62, 66 ஆகியவை உள் உதடுகளின் நடுப்புள்ளிகள். 60, 64 உள் ஓரங்கள். முதல் ஜோடியின் தூரத்தை இரண்டாவது ஜோடியின் தூரத்தால் வகுத்தால் வாய்த்திறப்பு விகிதம் கிடைக்கும். B-யின் காட்சியில் வாய் மூடிய நிலை முதல் கத்தும் நிலை வரை நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து, மூலப்படத்தின் விகிதத்தைக் கிடை அச்சிலும் மாற்றிய படத்தின் விகிதத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இடுங்கள். நல்ல மாடலில் புள்ளிகள் ஒரு சாய்ந்த கோட்டை ஒட்டி ஏறும்.

நம் எடுத்துக்காட்டில் B-யின் விகிதம் 0 முதல் 0.6 வரை போகிறது. A-யின் படங்களில் அதிகபட்சம் 0.25 என்று வைத்துக்கொள்வோம். சேமித்து வைத்த எல்லா நிலைகளுக்கும் இதே வரைபடத்தைப் போட்டால் மூன்று வகைப் பிழைகள் தனித்தனியாகத் தெரியும்.

ஒன்று, 0.25 வரை கோடு நன்றாக ஏறி, அதற்கு மேல் தட்டையாகிவிடுகிறது. எல்லா நிலைகளிலும் அப்படியே இருக்கிறது. இது மிகைப்பொருத்தம் அல்ல. A அவ்வளவு வாய் திறந்த படம் தரவில் இல்லை, அவ்வளவுதான். பெருக்கத்தின் அளவுகளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டு, தொடக்க நிலைகளில் ஏறிய கோடு, சுற்றுகள் கூடக்கூடப் படிப்படியாகச் சாய்வு குறைந்து படுத்துவிடுகிறது. இதுதான் மனப்பாடம். சாய்வு குறையத் தொடங்கியதற்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

மூன்று, தொடக்கத்திலிருந்தே கோடு தட்டையாக இருக்கிறது. பயிற்சிப் படங்களையும் ஒதுக்கிய படங்களையும் மாடல் ஒரே மாதிரி மங்கலாகத்தான் மீட்கிறது. இது அளவுக்கு மீறிய நெளிவின் அடையாளம். `scale` மதிப்பைக் குறைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

இவற்றோடு கண்ணால் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. மாற்றிய படங்கள் ஒவ்வொன்றுக்கும் 35 பயிற்சிப் படங்களில் மிக நெருக்கமானது எது என்று பிக்சல் வேறுபாட்டை வைத்துத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். நூறு விதமான உள்ளீடுகளுக்கும் மூன்று நான்கு பயிற்சிப் படங்களே மாறி மாறி வந்தால், அதிலும் நிழலின் விளிம்பு வரை ஒத்துப்போனால், டீகோடர் அந்தப் படங்களைத்தான் திருப்பித் தருகிறது.

பெருக்கத்தால் முடியாதவை

நெளித்தலும் நிறமாற்றமும் இருக்கும் பிக்சல்களை நகர்த்துகின்றன, சாயமேற்றுகின்றன. புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. மூடிய இமைகள், பற்கள் தெரியும் வாய், முழுப் பக்கவாட்டு முகம், கீழிருந்து வரும் வெளிச்சம் ஆகியவை A-யின் படங்களில் இல்லையென்றால் எந்தப் பெருக்கமும் அவற்றை உண்டாக்காது. ஒளிர்வைக் கூட்டலாம், நிழல் விழும் திசையை மாற்ற முடியாது.

சம்மதத்தோடு செய்யும் வேலையின் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. வாய்த்திறப்பு வரைபடம் 0.25-இல் தட்டையாவதைப் பார்த்தவுடன், A-யிடம் நேராகக் கேட்கலாம்: வாயை அகலத் திறந்து, கண்களை மூடி, இரு பக்கமும் முழுதாகத் திரும்பி, இரண்டு வேறு வெளிச்சங்களில் ஒரு சில படங்கள் எடுத்து அனுப்புங்கள் என்று. எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சோதனையே பட்டியலிட்டுத் தந்துவிட்டது. தேவை அறிந்து எடுத்த பத்துப் படங்கள், ஏற்கெனவே இருப்பதைப் போன்ற இன்னொரு ஐம்பதைவிட அதிகம் உதவும்.

புதிய படங்கள் வந்து, அளவுகளும் நிறுத்த வேண்டிய சுற்றும் உறுதியான பிறகு, ஒதுக்கி வைத்த ஐந்து மாலைப் படங்களையும் பயிற்சிக்குள் சேர்த்து, முன்பயிற்சி எடைகளிலிருந்து மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள். இப்போது சோதிக்க ஒதுக்கிய படங்கள் இல்லை. ஆகவே முன்பு குறித்து வைத்த சுற்று எண்ணிலேயே நிறுத்த வேண்டும். படங்கள் கூடியிருப்பதால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே என்று தோன்றினால், வாய்த்திறப்பு வரைபடத்தைப் போட்டுப் பார்த்து, சாய்வு குறையாத வரை மட்டும் ஓட்டுங்கள்.